பகலில் தெளிவு, இரவில் உடையும் படம்: சிசிடிவிக்குப் பின்னால் உள்ள கணக்கு

அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் காணாமல் போகிறது. பாதுகாவலர் அறையில் பதிவைத் தேடிப் பார்க்கிறார்கள். இரவு மணி 2.10 வரை படம் ஒழுங்காக ஓடுகிறது. 2.11இல் கட்டம் கட்டமாக உடைகிறது. அடுத்துத் தெளிவாகத் தெரிவது 2.14. நடுவே போன அந்த மூன்று நிமிடங்கள்தான் போலீசுக்குத் தேவைப்பட்டவை.

உடனே கேமரா பழுது என்று முடிவு கட்டி, புதிய கேமராவை மாட்டுவார்கள். மறுநாள் காலை 11 மணிக்குச் சோதித்தால் படம் கண்ணாடி போல இருக்கும். அடுத்த வாரம் இரவில் மறுபடியும் உடையும். பல இடங்களில் கோளாறு கேமராவில் இருப்பதில்லை. கேமராவிலிருந்து பதிவுப் பெட்டிக்குப் படம் வந்து சேரும் வழி குறுகலாக இருக்கிறது. அந்த வழி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும், பதிவு எத்தனை நாள் தங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பெயர் பிட்ரேட்.

ஒரு கேமரா எவ்வளவு அனுப்புகிறது?

இன்று பரவலாக விற்கப்படும் 4 மெகாபிக்சல் கேமராவை எடுத்துக்கொள்வோம். அதன் படம் 2560 புள்ளி அகலம், 1440 புள்ளி உயரம். விநாடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 12 பிட் என்று வைத்துப் பெருக்கினால், சுருக்காத படம் விநாடிக்கு ஏறக்குறைய 1,100 மெகாபிட் ஆகும். இதை அப்படியே எந்தக் கேபிளிலும் அனுப்பிக் கட்டுப்படியாகாது. அதனால் கேமராவுக்குள் இருக்கும் சில்லு படத்தைச் சுருக்குகிறது. முன் படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதுதான் சுருக்கத்தின் அடிப்படை. எச்.265 என்ற சுருக்க முறையில் அந்த 1,100 மெகாபிட், மூன்று முதல் ஆறு மெகாபிட் வரை இறங்கிவிடும். அதற்கு முந்திய எச்.264 முறையில் அதே தரத்துக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பிட்ரேட் என்பது கேமராவோடு பிறந்த குணம் அல்ல, நாம் வைக்கும் அளவு. கேமராவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் Max Bitrate என்று ஒரு கட்டம் இருக்கும். அதன் அருகே Bitrate Type என்ற இடத்தில் CBR அல்லது VBR என்று தேர்ந்தெடுக்கலாம். CBR என்றால் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. VBR என்றால் காட்சிக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஆனால் உச்ச வரம்பு Max Bitrate கட்டத்தில் உள்ள எண்.

பெரும்பாலான கேமராக்கள் VBR முறையில்தான் ஓடுகின்றன. யாரும் நடமாடாத, வெளிச்சம் நிறைந்த பகல் வேளையில் மாற்றம் குறைவு, பிட்ரேட்டும் குறைவு. இரவில் பாதி விளக்குகளை அணைத்ததும் கேமரா தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்போது படம் முழுவதும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் துடிக்கும். நம் கண்ணுக்கு அது வெறும் மங்கல். சுருக்கும் சில்லுக்கோ ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு படத்திலும் மாறுவதாகத் தெரியும். அதனால் ஆள் நடமாட்டமே இல்லாத நள்ளிரவில் பிட்ரேட் உச்சத்தைத் தொடுகிறது. கடும் மழையும், காற்றில் ஆடும் மரமும் இதே வேலையைச் செய்யும்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

உங்கள் கேமரா உண்மையில் எவ்வளவு அனுப்புகிறது என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பதிவுப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கேமராவின் ஒரு மணி நேரப் பதிவை யுஎஸ்பியில் எடுங்கள். கோப்பு எத்தனை ஜிகாபைட் என்று பாருங்கள். விநாடிக்கு ஒரு மெகாபிட் ஓடும் கேமரா ஒரு மணி நேரத்தில் 0.45 ஜிகாபைட் சேர்க்கும். ஆகவே கோப்பின் அளவை 0.45ஆல் வகுத்தால் பிட்ரேட் கிடைத்துவிடும்.

நண்பகல் 12 முதல் 1 வரையிலான கோப்பு 1.35 ஜிகாபைட் என்றால், பகலில் 3 மெகாபிட். அதிகாலை 2 முதல் 3 வரையிலான கோப்பு 2.7 ஜிகாபைட் என்றால், இரவில் 6 மெகாபிட். இரண்டையும் எடுத்துப் பார்ப்பது முக்கியம். பகல் கோப்பை மட்டும் வைத்துப் போடும் கணக்கு எப்படித் தவறாகிறது என்பதை அடுத்துப் பார்ப்போம்.

மூன்று தளங்கள், ஒரு சங்கிலி

40 கேமராக்கள் வைக்கப்போகும் ஒரு கொண்டோமினியத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கார் நிறுத்துமிடம் மூன்று தளங்கள், தளத்துக்கு 8 கேமரா, மொத்தம் 24. மின்தூக்கி, வரவேற்புக்கூடம், நடைபாதைகளுக்கு 12. நுழைவாயிலுக்கு 4. பதிவுப் பெட்டி கீழே பாதுகாவலர் அறையில்.

விலைப்புள்ளி கொடுத்தவர், ஒவ்வொரு கார் தளத்திலும் ஒரு ஸ்விட்ச் வைக்கிறார். கேபிளை மிச்சப்படுத்த, மூன்றாம் தள ஸ்விட்சை இரண்டாம் தளத்தோடும், இரண்டாம் தளத்தை முதல் தளத்தோடும், முதல் தளத்தைப் பாதுகாவலர் அறையோடும் இணைக்கிறார். ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்ததற்குப் போகும் இந்த இணைப்புதான் அப்லிங்க். மலிவான ஸ்விட்ச் என்பதால் அப்லிங்கின் வேகம் 100 மெகாபிட்.

ஒவ்வொரு கேமராவும் இரண்டு ஓடைகளை அனுப்பும். முதன்மை ஓடை பதிவுக்கு. அதைவிடச் சிறிய துணை ஓடை, பாதுகாவலர் திரையில் பல படங்களை ஒன்றாகக் காட்டுவதற்கு. துணை ஓடைக்கு அரை மெகாபிட் வைப்போம். பகலில் ஒரு தளத்தின் எட்டுக் கேமராக்களுக்கு முதன்மை ஓடை 24, துணை ஓடை 4, ஆக 28 மெகாபிட்.

இப்போது சங்கிலியில் இறங்கி வாருங்கள். மூன்றாம் தளத்திலிருந்து இரண்டாம் தளத்துக்கு 28. இரண்டாம் தளத்திலிருந்து முதல் தளத்துக்கு இரண்டு தளங்களின் சுமையும் சேர்ந்து 56. முதல் தளத்திலிருந்து பாதுகாவலர் அறைக்கு மூன்று தளங்களும் சேர்ந்து 84. வழி 100 மெகாபிட், சுமை 84. சோதனைக்கு வந்தவர் பகலில் பார்க்கிறார், எல்லாப் படமும் ஓடுகிறது, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்.

இரவில் முதன்மை ஓடை கேமராவுக்கு 6 மெகாபிட் ஆகிறது. தளத்துக்கு 48, துணை ஓடை 4, ஆக 52. சங்கிலியில் இறங்க இறங்க 52, 104, 156. இரண்டாவது இணைப்பே நிரம்பி வழிகிறது. மூன்றாவது இணைப்பில் பாதை கொள்ளும் அளவைப் போல ஒன்றரை மடங்கு சுமை. மிஞ்சியதை ஸ்விட்ச் சிறிது நேரம் தன் நினைவகத்தில் பிடித்து வைத்துப் பார்க்கும்; அதுவும் நிறைந்ததும் கொட்டிவிடும். கொட்டப்பட்டவைதான் காணாமல் போன அந்த மூன்று நிமிடங்கள்.

பாதி வழி காலியாக இருப்பது வீண் அல்ல

சுமை 84, வழி 100 என்றால் பகலிலாவது போதுமா? அதுவும் நெருக்கடிதான். கேமரா தன் மெகாபிட்டுகளைச் சீராக ஊற்றுவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில், பெரும்பாலும் ஓரிரு விநாடிக்கு ஒரு முறை, முழுப் படத்தையும் புதிதாக அனுப்பும். அதற்கு முதன்மைச் சட்டகம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இடைப்பட்ட படங்களைவிட அது பல மடங்கு பெரியது.

கூட்டரசு நெடுஞ்சாலையின் ஒரு நாள் சராசரியைப் பார்த்தால் அங்கே நெரிசலே இருக்கக் கூடாது. ஆனால் காலை 8 மணிக்கு அந்தச் சராசரியால் யாருக்கும் பயனில்லை. கேமராக்களும் அப்படித்தான். மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பும்போது எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில் உயிர்பெறும். அவற்றின் முதன்மைச் சட்டகங்கள் ஒரே நொடிப்பொழுதில் வந்து மோதலாம். சராசரி வழிக்குள் அடங்கினாலும், அந்த நொடிப்பொழுதில் ஸ்விட்ச் திணறும். அதனால் இரவு நேர உச்சத்தில் கணக்குப் போட்டு, அதுவும் வழியின் பாதியைச் சற்றே தாண்டும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்ல வழக்கம். 100 மெகாபிட் இணைப்பில் 60ஐத் தாண்டினால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுக்கு மாற்று வழி எளியது. சங்கிலியை உடைத்து, ஒவ்வொரு தளத்து ஸ்விட்சிலிருந்தும் பாதுகாவலர் அறையில் உள்ள மைய ஸ்விட்சுக்குத் தனித்தனிக் கேபிள். அப்லிங்க் ஜிகாபிட், அதாவது 1,000 மெகாபிட். தளத்துக்கு 52 மெகாபிட் என்பது அதில் நூற்றுக்கு ஐந்து பங்குதான். இன்னொரு நன்மை, ஒரு தளத்தின் ஸ்விட்ச் கெட்டால் மற்றத் தளங்களின் படம் நிற்காது. செம்புக் கேபிள் என்றால் 100 மீட்டர் வரைதான். அதைத் தாண்டினால் ஃபைபர் கேபிள்.

இங்கே செலவையும் மிச்சப்படுத்தலாம். கேமரா மாட்டும் துளைகள் ஜிகாபிட்டாக இருக்க வேண்டியதில்லை. 6 மெகாபிட் அனுப்பும் கேமராவுக்கு 100 மெகாபிட் துளையே தாராளம். அப்லிங்க் மட்டும் ஜிகாபிட்டாக உள்ள ஸ்விட்ச் போதும்.

ஆனால் ஜிகாபிட் என்று வாங்கியது உண்மையில் ஜிகாபிட்டாக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டால், பல நேரங்களில் இணைப்பு அறுந்து போகாது. சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். படம் வரும், விளக்கு எரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்விட்சின் நிலைப் பக்கத்தில் அந்தத் துளைக்கு நேரே 1000M என்று இருக்கிறதா, 100M என்று இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நிலைப் பக்கம் இல்லாத ஸ்விட்சுகளில் பல, வேகத்துக்கு ஏற்ப விளக்கின் நிறத்தை மாற்றிக் காட்டும்.

பதிவுப் பெட்டிக்கும் ஒரு வாய் உண்டு

40 கேமராக்களும் இரவு உச்சத்தில் 240 மெகாபிட். துணை ஓடைகள் 20. ஆக 260 மெகாபிட் பதிவுப் பெட்டிக்குள் நுழைய வேண்டும். அதன் கேபிள் ஜிகாபிட் என்பதால் வழியில் தடையில்லை. ஆனால் பெட்டிக்கு உள்ளேயும் ஒரு வரம்பு இருக்கிறது. அதன் விவரத்தாளில் Incoming Bandwidth என்று ஒரு வரி இருக்கும்.

பெட்டியின் மேல் 64 கேமரா என்று அச்சிட்டிருக்கலாம். அந்த வரியில் 200 Mbps என்று இருந்தால், நம் 40 கேமராக்களுக்கே அது போதாது. 64 என்பது எத்தனை படங்களை ஏற்கும் என்பது. 200 என்பது எவ்வளவு விழுங்கும் என்பது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்த இடத்துக்கு 320 வரை விழுங்கும் பெட்டியாவது தேவை.

30 நாள் என்றது ஏன் 20 நாள் ஆனது?

வழிக்கு உச்சத்தைக் கொண்டு கணக்கிட்டோம். வன்தட்டுக்கு அப்படிச் செய்ய வேண்டியதில்லை. அது நாள் முழுவதும் சேர்ந்ததைத்தான் தாங்குகிறது. ஆகவே 24 மணி நேரச் சராசரி போதும். நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றுதான். விநாடிக்கு ஒரு மெகாபிட் ஓடினால், ஒரு நாளில் 10.8 ஜிகாபைட்.

விலைப்புள்ளி கொடுத்தவர் பகல் அளவான 3 மெகாபிட்டை வைத்துக் கணக்குப் போட்டார். 40 கேமரா, கேமராவுக்கு 3 மெகாபிட், 30 நாள். பெருக்கினால் ஏறக்குறைய 38.9 டெராபைட். நான்கு 10 டெராபைட் தட்டுகளைப் போட்டு, 30 நாள் பதிவு நிச்சயம் என்று எழுதிவிட்டார்.

பகலில் 12 மணி நேரம் 3 மெகாபிட், இரவில் 12 மணி நேரம் 6 மெகாபிட் என்றால் சராசரி 4.5. நாற்பது கேமராக்களுக்கு 180 மெகாபிட். ஒரு நாளுக்கு 1,944 ஜிகாபைட், அதாவது இரண்டு டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 40 டெராபைட் 20 நாளில் நிறைந்துவிடும். பெட்டி எச்சரிக்கை எதுவும் தராது. பழையதை அழித்துப் புதியதை அதன் மேல் எழுதும். மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்த குடும்பம், காரில் கீறலைப் பார்த்துப் புறப்பட்ட நாளின் பதிவைக் கேட்டால், அது அழிந்திருக்கும்.

30 நாளுக்கு உண்மையில் தேவை 58.3 டெராபைட். 10 டெராபைட் தட்டுகள் ஆறு போட்டால் மயிரிழையில் அடங்கும். ஒரு தட்டு கெட்டாலும் பதிவு தப்ப வேண்டும் என்று ரெய்டு 5 முறையில் வைத்தால், ஒரு தட்டின் இடம் காப்புக்குப் போகும்; அப்போது ஏழு வேண்டும். எட்டு போட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

தட்டின் வகையையும் கேளுங்கள். இந்தக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 710 டெராபைட் எழுதப்படுகிறது. ஏழு தட்டுகளில் பிரிந்து, காப்புக்கான எழுத்தும் சேர்ந்தால், தட்டுக்கு 120 டெராபைட்டை ஒட்டி வரும். கண்காணிப்புக்கென்றே விற்கப்படும் தட்டுகளில் பலவற்றுக்கு ஆண்டுக்கு 180 டெராபைட் வேலைத்திறன் என்று விவரத்தாளில் குறித்திருப்பார்கள். சாதாரண மேசைக்கணினித் தட்டுகள் சிலவற்றுக்கு அது 55 மட்டுமே. ஓடத்தான் செய்யும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும்.

எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது?

எண்கள் பெரிதாகத் தெரிந்ததும், அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யலாமே என்று யோசிப்போம். அது வன்தட்டுக்கு உதவும், அப்லிங்குக்கு உதவாது. வழக்கமான அமைப்பில் கேமரா ஓடையை எப்போதும் அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். எதை எழுதுவது என்று பெட்டி முடிவு செய்கிறது. வழியின் சுமையில் மாற்றம் இராது.

Max Bitrate எண்ணைக் குறைத்தால் இரண்டும் குறையும். ஆனால் அதற்கு விலை படத்தின் தெளிவு. வரம்பு இறுகினால் சில்லு முதலில் நுணுக்கங்களை விட்டுவிடும். முகமும் வாகன எண்ணும்தான் அந்த நுணுக்கங்கள். அதனால் எல்லாக் கேமராவுக்கும் ஒரே எண் வைக்காமல், இடத்தைப் பார்த்து வைப்பது நல்லது. நுழைவாயிலில் எண் பலகையைப் பார்க்கும் நான்கு கேமராக்களுக்கு 8 மெகாபிட் கொடுக்கலாம். எப்போதும் வெளிச்சம் உள்ள மின்தூக்கிக்குள் 2 மெகாபிட் போதலாம். கார் நிறுத்துமிடத்தில் பிட்ரேட்டைக் குறைப்பதற்கு முன், இரவில் அணைக்கும் விளக்குகளில் சிலவற்றை எரியவிட்டுப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் துடிக்கும் புள்ளிகள் குறையும், பிட்ரேட்டும் தானாக இறங்கும், படமும் தெளியும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க

ஏற்கனவே பொருத்திய இடத்தில் படம் உடைந்தால், முதலில் எந்தக் கேமராக்கள் உடைந்தன, எப்போது உடைந்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே ஒரு கேமரா, எந்த நேரமும் என்றால், அந்தக் கேமராவையோ அதன் கேபிளையோ பார்க்க வேண்டும். ஒரே ஸ்விட்சுக்குப் பின்னால் உள்ள கேமராக்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் உடைந்து, நுழைவாயில் கேமராக்கள் மட்டும் நன்றாக இருந்தால், அப்லிங்கைப் பார்க்க வேண்டும். எல்லா 40 கேமராக்களும் ஒன்றாக இடறினால், பதிவுப் பெட்டியின் வரம்பையோ வன்தட்டையோ பார்க்க வேண்டும். இரவில் மட்டும் வரும் கோளாறுக்கு இரவில்தான் சோதனை. பணி முடிந்ததற்கான கையெழுத்தையும் ஓர் இரவு கழித்துப் போடுவதே சரி.

அடுத்த முறை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சிசிடிவி விலைப்புள்ளி மேசைக்கு வரும்போது, எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் வைத்த உச்ச பிட்ரேட் எவ்வளவு, ஒவ்வொரு அப்லிங்கிலும் இரவில் சேரும் சுமை எவ்வளவு, 30 நாள் என்றது எந்த பிட்ரேட்டை வைத்துப் போட்ட கணக்கு என்று கேளுங்கள். இந்த மூன்று எண்களையும் எழுத்தில் தரக்கூடியவர் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார். தர முடியாதவரிடம், கைப்பேசியின் கணிப்பானை எடுத்து நீங்களே போட்டுக் காட்டலாம்.